7.20 வேன்

எங்கள் தெருமுனைக்கு வேன் வரவேண்டிய நேரம் காலை 7.20. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதம், அது வரும் நேரத்தைத் தினமும் சமையலறைக் காலண்டரில் குறித்து வந்தேன். 20 பள்ளி நாட்களில் 7 நாள் கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம். ஆனால் ஒரு நாள்கூட அவள் பள்ளிக்குத் தாமதமாகப் போய்ச் சேரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, தெருவில் தொலைந்த கால் மணி நேரத்தை வேன் எங்கே மீட்கிறது?

ஒரு நாள் பைக்கில் பின்னாலேயே போனேன். மொத்தம் 14 பிள்ளைகள், 11 நிறுத்தங்கள். ஒரு வீட்டில் ஷூ போட்டு முடியவில்லை, இன்னொரு வீட்டில் டிபன் பாக்ஸ் மூடவில்லை. மூன்று வீடுகளில் மட்டும் 12 நிமிடம் போனது. மெயின் ரோட்டில் ஏறியதும் அந்த 12 நிமிடத்தை ஓட்டுநர் வேகத்தில் எடுத்தார். என் ஸ்பீடோமீட்டர் முள் 60-ஐத் தாண்டியது. இடையில் மூன்று முறை செல்போனைக் காதில் வைத்தார்.

மாலையில் அவரிடமே கேட்டேன். "எங்க வர்றீங்கன்னு நீங்கதான் சார் கூப்பிடுறீங்க. எடுக்கலேன்னா நேரா ஸ்கூலுக்குப் போன் போட்டுடுறீங்க" என்றார். முந்தைய வாரம் அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூடிப் பேசினோம். எந்த வீட்டிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேன் நிற்காது; தவறவிட்டால் பெற்றோரே கொண்டுபோய் விடவேண்டும். ஓட்டுநரை யாரும் அழைக்கக் கூடாது. வேனில் வரும் ஆயா ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார். அடுத்த 20 நாட்களில் வேன் தாமதமானது ஒரே நாள், பெருமழை பெய்த அன்று. வேகமும் தானாகக் குறைந்தது.

ஓட்டுநரைப் பற்றி நல்லதையும் சொல்லவேண்டும். 14 பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். சத்தம் போட்டால் அதட்டுவதில்லை, வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார், அமைதியாகிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைப்பதில்லை. என் பயமெல்லாம் அவர் வண்டியைப் பின்னால் எடுப்பதில்தான் இருந்தது. எங்கள் தெரு முட்டுச்சந்து. மகளை இறக்கிவிட்டு அப்படியே ரிவர்ஸில் போவார்.

2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பின்னோக்கி வந்த பள்ளி வேன் மோதி, அதே பள்ளியில் படித்த 7 வயதுச் சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளில் முன்னும் பின்னும் கேமராவும், பின்புறம் சென்சாரும் பொருத்தவேண்டும் என்று தமிழக அரசு விதி கொண்டுவந்தது. பெற்றோராகப் பேசி அமர்த்திய எங்கள் வேனில் இரண்டும் இல்லை.

ஓட்டுநரின் அனுமதியோடு ஒரு சோதனை செய்தோம். என்ஜினை அணைத்து, சாவியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு நான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தேன். மகள் வேனுக்குப் பின்னால் நின்றாள். எந்தக் கண்ணாடியிலும் அவள் இல்லை. ஏறக்குறைய பத்து அடி தள்ளிப் போனபிறகே தலை தெரிந்தது. இடப்பக்க முன் மூலையில் நிறுத்தியபோது ரிப்பன் மட்டும் தெரிந்தது. பிள்ளைகள் இறங்கி, வேனைச் சுற்றி எதிர்ப்பக்க வீட்டுக்கு ஓடும் வழி அந்த மூலைதான்.

இப்போது வேன் சந்துக்குள் வருவதில்லை, முனையிலேயே நிற்கிறது. ஆயா முதலில் இறங்குவார், பிள்ளையைப் பெற்றோர் கையில் ஒப்படைப்பார், திரும்பி வந்து ஏறிக் கதவில் இரண்டு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு கேட்கும்வரை வண்டி நகராது.

காகிதங்களையும் பார்த்தோம். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் வேண்டும். வெள்ளை பிளேட் என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் முடியும் தேதிகள் வரும். எங்கள் வேனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்ததை இந்த ஊர்ப் பெற்றோர் மறக்கவில்லை. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அந்த ஆண்டே வந்ததற்குக் காரணம் அவள் மரணம். எங்கள் வேனின் தரை உறுதியாக இருந்தது. ஸ்லைடிங் கதவின் பூட்டுதான் தேய்ந்திருந்தது. இரண்டு முறை இழுத்துச் சாத்தினால்தான் விழும். ஒரு வாரத்தில் மாற்றிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் மூன்று மாதம் இழுத்தது. மாலையில் ஆயா தன் வீட்டருகே, ஒன்பதாவது நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். கடைசி இரண்டு நிறுத்தங்களுக்குத் துணையில்லாமல் போகும் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. வழியை மாற்றினால் தினமும் இரண்டு கிலோமீட்டர் கூடும் என்று ஓட்டுநர் தயங்கினார். கூடுதல் டீசல் செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதாகச் சொன்னோம். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து, கடைசியாக இறங்குவது ஆயாதான்.