மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால்

உதகையிலிருந்து தலைக்குந்தா வழியாக மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் சாலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்கிவிடுகிறது. சமவெளியிலிருந்து வந்த கார்கள் இந்தப் பாதையில் அடுத்தடுத்து விபத்துக்குள்ளானதால், வெளியூர் வாகனங்கள் உதகையிலிருந்து இவ்வழியே இறங்கத் தடை விதிக்கப்பட்டது. மசினகுடியிலிருந்து ஏறிப் போவதற்கு அந்தத் தடை இல்லை. சாலை ஒன்றுதான், வளைவுகளும் அவைதான். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது.

நான்கு பேரும் பெட்டிகளுமாக ஒன்றரை டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது, அந்த எடை தரும் ஆற்றல் முழுவதும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்று நான்கு மணி நேரம் தரும் வெப்பம் அது. வாகனத்தைக் கியரில் வைத்து இறக்கினால் இதில் பெரும்பகுதியை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலிலோ நான்காம் கியரிலோ இறங்கினால், காற்றின் எதிர்ப்பு போக மீதி அத்தனையும் நான்கு சக்கரங்களில் இருக்கும் சிறிய டிஸ்க்குகளிலும் டிரம்களிலும் அரை மணி நேரத்துக்குள் இறங்குகிறது. கல்லட்டியில் பிரேக் கைவிட்ட பல கார்களில் பழுது என்று எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. நல்ல பிரேக்கும் இந்தச் சூட்டில் தோற்றுப்போகும்.

தோற்பது இரண்டு விதமாக நடக்கிறது. ஓட்டுநரின் கால் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். முதல் வகையில் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகித் தன் பிடிமானத்தை இழக்கிறது. மிதி வழக்கம்போல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. இரண்டாவது வகையில் சூடு சக்கரத்திலிருந்து பிரேக் ஆயிலுக்குப் பரவி அதைக் கொதிக்க வைக்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், கால் அழுத்துவது அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். மிதி பஞ்சுபோல் இறங்கித் தரையைத் தொடும்.

இதில் பிரேக் ஆயிலின் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 வகைக்கு இந்த எல்லைகள் 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. அதனால்தான் வருடக்கணக்கில் ஆயில் மாற்றாத கார் ஊரில் நன்றாக ஓடிவிட்டு, முதல் மலைப் பயணத்தில் கைவிடுகிறது.

பிரேக் போனபின் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாலையில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், கார் நியூட்ரலில் போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் சுமார் 3 கிலோமீட்டர் கூடும். ஐந்து விநாடியில் 55. அதற்குள் வண்டி அறுபது எழுபது மீட்டர் போயிருக்கும். பத்து விநாடியில் 70. வேகம் 40லிருந்து 70 ஆனால், அடக்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்காகிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவை இருபது கிலோமீட்டர் அளவு வேகத்தில்தான் பத்திரமாகத் திரும்ப முடியும். ஆகவே முதல் ஐந்து விநாடியில் செய்வது பலன் தரும். பத்தாவது விநாடியில் அதே செயல் பாதி பலனைக்கூடத் தராது.

முதலில் செய்யக் கூடாதவை இரண்டு. பயத்தில் பலருக்கும் கால் தானாகக் கிளட்சை மிதிக்கும், கை சாவியைத் திருப்பும். கிளட்சை மிதித்தால் இன்ஜினின் பிடி சக்கரத்திலிருந்து விலகி வண்டி இன்னும் வேகமெடுக்கும். இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைத்துவந்த துணைவிசை போய்விடும். சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். பிறகு வண்டியைத் திருப்பக்கூட வழியில்லை. கியர் மாற்றும் அந்தக் கணம் தவிர கிளட்சைத் தொடக் கூடாது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மிதி பஞ்சுபோல் இறங்கினால், முழுதாக விட்டு விட்டு மூன்று நான்கு முறை வேகமாக அடித்து மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதியும் குழாய்க்குள் கொஞ்சம் ஆயிலைக் கூடுதலாகத் தள்ளுகிறது. குமிழிகள் நெருக்கப்பட்டு மிதியில் கெட்டித்தன்மை தெரிந்தால், காலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால் இந்த அடித்து மிதித்தல் வீண். அங்கே முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே இருப்பதுதான் சரி. மிதி கீழே இறங்காமல் ஏதோ தடுப்பதுபோல் இருந்தால், காலடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு சிக்கியிருக்கலாம். காலால் துழாவித் தள்ளிவிடலாம். குனிந்து எடுக்க முயலக் கூடாது.

கால் இதைச் செய்யும்போதே கை கியருக்குப் போக வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். நியூட்ரலில் இருந்தால் முதலில் மூன்றாம் கியர், கிளட்சை விட்டதும் உடனே இரண்டாம் கியர். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியருக்கு வந்தால் இன்ஜின் அலறும், வண்டி முன்பக்கம் குலுங்கும். அலறட்டும், அதனால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. நேராக முதல் கியருக்குப் போவதுதான் தவறு. அந்த வேகத்தில் அது விழாது. விழாமல் கியர் நடுவில் நின்றுவிட்டால் வண்டி மறுபடி நியூட்ரல். இருபதுக்கு இறங்கியபின் முதல் கியர் போடலாம். ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் நெம்புகோலை எல், 2 என்று குறித்த நிலைக்கோ, கையால் குறைக்கும் நிலைக்கோ கொண்டுவர வேண்டும். ஓடும்போது பார்க் நிலைக்குத் தள்ளுவதால் பயன் இல்லை.

மூன்றாவது துணை ஹேண்ட் பிரேக். பெரும்பாலான கார்களில் அது கம்பி வழியாகப் பின்சக்கரங்களை இழுக்கிறது. பிரேக் ஆயில் கொதித்தாலும் அந்தக் கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். நுனியிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, கொஞ்சம் இழுத்து, வண்டி வழுக்குவதுபோல் தெரிந்தால் தளர்த்தி, மறுபடி இழுக்க வேண்டும். அதுவும் சாலை நேராக இருக்கும் இடத்தில் மட்டும். பொத்தான் வடிவ மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள பல கார்களில், ஓடும்போது அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டியைத் தானாகவே சீராக நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. பயணத்துக்கு முன்பே கார் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. ஹாரனை விடாமல் அடிப்பதும் முகப்பு விளக்கைப் போடுவதும் பக்கத்தில் இருப்பவர்கூடச் செய்யலாம்.

இவ்வளவும் செய்து வேகம் குறையாவிட்டால், அடுத்த வளைவு வருவதற்குள் வண்டியை எங்கே விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். மேல்நோக்கிப் பிரியும் கிளைச்சாலை, மண்மேடு, புதர் ஆகியவை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மலைப்பக்கம். பாறைச்சுவரில் நேராக மோதாமல், சாய்வாக அணைத்து, பக்கவாட்டுத் தகடு உரசிக்கொண்டே போகும்படி ஓட்டினால் வேகம் தேயும். கதவும் கண்ணாடியும் நாசமாகும், ஆட்கள் பிழைப்பார்கள். அது வலப்பக்கமாக இருந்தால் எதிரே வண்டி வராததைப் பார்த்துத்தான் போக முடியும். காரைக் காப்பாற்றும் ஆசையில் இந்த முடிவைத் தள்ளிப்போட்டு, கடைசியில் பள்ளத்துப் பக்கம் போவதுதான் உயிரைக் கொல்கிறது.

ஏர் பிரேக் உள்ள லாரிக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தாது. அங்கே விட்டு விட்டு மிதித்தால் டாங்கியில் இருக்கும் காற்று தீர்ந்துபோகும். வேகமெடுத்துவிட்ட பார லாரியில் கியரைக் குறைப்பதும் சூதாட்டம்தான். எடுத்த கியர் திரும்ப விழாமல் போனால் இருந்த பிடியும் போய்விடும். ஆகவே இருக்கிற கியரை விடாமல், சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவது மட்டுமே லாரிக்கு வழி. சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயில் பார லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மீது ஏறும் விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் பழக்கம் அதற்கு ஒரு காரணம். இன்றைய இன்ஜின்களில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட டீசல் செலவாகிறது.

பிரேக் திடீரென்று போவது அபூர்வம். மிதி முன்னைவிட ஆழமாக இறங்குவது, அதே வேகம் குறைய அதிக அழுத்தம் தேவைப்படுவது, கருகிய வாடை, சக்கரத்தருகே புகை என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இடம் பார்த்து நிறுத்தி, கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பழுக்கக் காய்ந்த டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடும். அதன்பின் எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். கல்லட்டி போன்ற சரிவில் காருக்கு அது இரண்டாம் கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது அழுத்திக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் டிஸ்க்குக்குக் காற்று பட்டுச் சூடு இறங்குகிறது.

ஒருமுறை பிரேக் ஆயில் கொதித்த வண்டியில், ஆறியதும் குமிழிகள் மறைந்து மிதி பழையபடி கெட்டியாகிவிடும். அதை நம்பி ஊர்வரை ஓட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஈரம் ஏறிய அதே ஆயில்தான் உள்ளே இருக்கிறது. அடுத்த இறக்கத்திலும் அது கொதிக்கும். ஆயிலை முழுவதும் மாற்றி, பேடுகளைக் கழற்றிப் பார்த்த பிறகே அந்த வண்டியை மறுபடி மலைக்கு எடுக்க வேண்டும்.