நெட்டைத் தின்றது மேட்ச் அல்ல

துரைப்பாக்கத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில், ரௌட்டருக்குக் கீழே செலோடேப் போட்டு ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கிறது. ராத்திரி யார் எப்போது என்ன பார்க்கலாம், எதை இறக்கலாம் என்ற ஒப்பந்தம் அது. இப்போது இருப்பது இரண்டாவது தாள். முதல் தாள் இரண்டே நாளில் கிழிந்தது, ஏனென்றால் அதில் குற்றவாளியையே மாற்றிப் பிடித்திருந்தோம்.

எங்களில் ஒருவருக்குத் தினமும் இரவு 8.30 மணிக்கு அமெரிக்கக் கிளையன்ட்டுடன் வீடியோ கால். பத்து நிமிடம் ஒழுங்காகப் போகும். பிறகு முகம் உறைந்துவிடும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் உடையும். அறையை விட்டு வெளியே வந்தால் ஹால் டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். சந்தேகம் யார்மேல் விழும்? கால் முடியும்வரை மேட்ச் 480பி-யில்தான் ஓட வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். பந்து எங்கே போகிறது என்று தெரியாத அளவுக்குப் படம் மங்கியதுதான் மிச்சம். கால் அப்படியேதான் உடைந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எங்கள் பிளான் 40 எம்பிபிஎஸ், இறக்கவும் ஏற்றவும் அதே வேகம். வீடியோ கால் நல்ல தரத்தில் ஓட நான்கு போதும். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு. ஹாலில் 4கே, இரண்டு அறைகளில் எச்டி, நடுவில் ஒரு கால் என்று எல்லாம் சேர்த்தாலும் 30-ஐத் தாண்டாது. அப்படியானால் மீதி எங்கே போனது?

படம் பார்ப்பதும் ஃபைல் இறக்குவதும் ஒரே மாதிரி வேலை இல்லை. படம் சில நொடித் துண்டுகளாக வரும். ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஓடி முடிவதற்குள் அடுத்ததைக் கேட்கும். யூடியூபில் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நீளும் சாம்பல் கோடு அந்தக் கையிருப்புதான். கையிருப்பு நிறைந்ததும் லைனைச் சும்மா விட்டுவிடும். டவுன்லோடுக்குப் போதும் என்ற பேச்சே கிடையாது. 40 இருந்தால் 40-ஐயும் எடுக்கும், 100 இருந்தால் 100-ஐயும் எடுக்கும். பிளானை உயர்த்தினால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். சீக்கிரம் முடியும், ஆனால் முடியும்வரை லைன் அடைபட்டுத்தான் கிடக்கும்.

அடைபட்டால் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். லைனில் இடமில்லாத டேட்டாவை நடுவில் இருக்கும் கருவிகள் உடனே தூக்கி எறிவதில்லை, வரிசையில் நிறுத்தி வைக்கின்றன. சந்துக்குள் மணல் லாரிகள் வரிசை கட்டி நிற்க, அவற்றுக்குப் பின்னால் பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளோடு நிற்பதுபோல. லாரிக்கு அரை நொடி தாமதம் ஒரு பொருட்டே இல்லை. கால்தான் அந்த சைக்கிள்: அளவு சின்னது, நேரத்துக்குப் போயாக வேண்டும். இந்தக் கோளாறுக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். விண்டோஸ் கணினியில் இரண்டு கறுப்பு ஜன்னல்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியைத் தட்டுங்கள். முதல் வரியில் இருப்பது ரௌட்டரின் முகவரி. அது வேறாக இருந்தால் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்க்கலாம்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

எங்கள் வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது முதல் ஜன்னலில் 2 மில்லிசெகண்ட், இரண்டாவதில் 9. மேட்ச் ஓடும்போதும் ஏறக்குறைய அதேதான். பக்கத்து அறையில் ஒரு கேமை இறக்க ஆரம்பித்ததும் இரண்டாவது மட்டும் 280-க்குப் போனது. முதல் எண் அசையவில்லை என்றால் வைஃபை நன்றாக இருக்கிறது, நெரிசல் ரௌட்டருக்கு வெளியே போகும் லைனில் என்று அர்த்தம். முதல் எண்ணே துள்ளினால் கோளாறு வைஃபையில். அதற்குத் தாள் ஒட்டிப் பயனில்லை, ரௌட்டரை இடம் மாற்றுங்கள், இல்லை கேபிள் இழுங்கள்.

இரண்டாவது குற்றவாளி நான்தான். கொடைக்கானல் போய்விட்டு வந்த அன்று என் போனில் 12 ஜிபி வீடியோ இருந்தது. வீட்டு வைஃபையைப் பிடித்ததும் அது பாட்டுக்கு பேக்கப் செய்யத் தொடங்கியது, எனக்கே தெரியாது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 12 ஜிபி என்பது 96,000 மெகாபிட். 40-ஆல் வகுத்தால் 2,400 நொடி. குறைந்தது நாற்பது நிமிடம் ஏற்றும் பாதை முழுக்க அடைபட்டது. ஏற்றும் பாதை அடைபட்டால் இறக்குவதும் நொண்டும். வந்து சேர்ந்த டேட்டாவுக்கெல்லாம் "கிடைத்தது" என்று பதில் சீட்டு இதே பாதையில்தான் திரும்பப் போயாக வேண்டும். அன்று திட்டு வாங்கியது மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தவர்.

நல்ல ரௌட்டர்களில் இந்த வரிசையை நிர்வகிக்கும் வசதி உண்டு. கனெக்‌ஷனோடு தரும் பெட்டிகள் பலவற்றில் அது இல்லை, எங்களுடையதிலும் இல்லை. அதனால்தான் தாள். இரண்டாவது தாளில் இருப்பது இது:

"மக்களே, ராத்திரி 8 முதல் 11 வரை படம், மேட்ச், சீரியல் எதை வேணாலும் பாருங்க, குவாலிட்டி உங்க இஷ்டம். இறக்குறது, ஏத்துறது மட்டும் வேண்டாம். கேம், டோரண்ட், விண்டோஸ் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் இதுல சேர்த்தி. 11 மணிக்கு மேல காலைல 7 வரைக்கும் லைன் ஃப்ரீ. அவசரம்னா நடுவுலயும் இறக்கலாம், ஆனா வேகத்தை 10-க்குள்ள கட்டணும், குரூப்ல ஒரு வார்த்தை சொல்லணும். கால் உடைஞ்சா யாரும் கத்த வேண்டாம். குரூப்ல 'லைன்'னு போடுங்க, எல்லாரும் அவங்கவங்க போனைப் பாருங்க."

கேம் விளையாடுகிறவர்தான் முதலில் முகம் சுளித்தார். 90 ஜிபி கேமுக்கு 40 எம்பிபிஎஸ்-ஸில் ஐந்து மணி நேரம். 11 மணிக்குத் தட்டிவிட்டால் விடியற்காலை 4-க்கு முடிந்துவிடும், எழுந்ததும் விளையாடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் சரி என்றார். ஸ்டீமில் வேகத்தைக் கட்ட Settings, Downloads-க்குள் Limit download speed இருக்கிறது. விண்டோஸில் அந்த வைஃபையின் அமைப்பில் Metered connection-ஐ இயக்கினால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும். போன் பேக்கப்பை நான் படுக்கும்போது மட்டும் இயக்குகிறேன், சில நாள் மறந்தும் போகிறேன்.

தாள் கைவிடும் ஓர் இடம் உண்டு. வீட்டில் யாரும் எதையும் இறக்காதபோதே ராத்திரி 9 மணிக்கு இரண்டாவது ஜன்னலில் எண் ஏறினால், தகராறு வாசலுக்கு வெளியே. ஃபைபர் நமக்கு மட்டும் தனியாக வருவதில்லை. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஏறத்தாழ 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன, அதற்கு மேலேயும் நெரிசல் வரலாம். மற்ற எல்லோருடைய வைஃபையையும் அணைத்துவிட்டு, ஒரு லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, ராத்திரி 9-க்கும் விடியற்காலை 3-க்கும் வேகத்தைச் சோதித்து இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கஸ்டமர் கேர் "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று தொடங்கும்போது, அனுப்ப அந்த இரண்டு படங்கள் கையில் இருக்கும்.