‘தெரியவில்லை’ என்ற பதிலுக்கும் கட்டணமா?

மின்னஞ்சல் முகவரிகளைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு முகவரிக்கு ஒரு கிரெடிட் என்று கணக்கிடுகின்றன. பெறுபவரின் சர்வரிடம் ‘இந்தப் பெயரில் கணக்கு இருக்கிறதா?’ என்று கேட்பதுதான் வேலை. 250 என்று பதில் வந்தால் ஏற்கிறது. 550 வந்தால் பொதுவாக அப்படியொரு கணக்கு இல்லை. ‘பிறகு வா’ என்று 450 வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ முடிவு ‘தெரியவில்லை’.

10,000 முகவரிகளை ஏற்றுகிறீர்கள். அதில் 600 இரட்டிப்பு, 400 ‘தெரியவில்லை’ என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் எண்ணும் நிறுவனம் 10,000 கிரெடிட் கழிக்கும். இவ்விரண்டையும் விட்டுவிடும் நிறுவனம் 9,000 மட்டுமே கழிக்கும். ஆகவே விலைப்பட்டியலைவிட, உறுதியான ஒரு பதிலுக்கு என்ன செலவு என்று பாருங்கள்.

இரட்டிப்பு நீக்கம் பெரும்பாலும் ஒரே கோப்புக்குள்தான் நடக்கும். அடுத்த மாதம் அதே முகவரியை வேறு கோப்பில் ஏற்றினால் மீண்டும் கிரெடிட் போகலாம். எதையும் ஏற்றுக்கொள்ளும் ‘கேட்ச்-ஆல்’ சர்வர்களின் முகவரிகள் தனி வகை. அவை உறுதியற்றவை என்றாலும் பல இடங்களில் கட்டணம் உண்டு.

ஏற்றுமுன் எழுத்துகளைச் சிற்றெழுத்தாக்கி, இடைவெளிகளை நீக்கி, இரட்டிப்பை நீங்களே களையுங்கள். ‘தெரியவில்லை’ வந்தவற்றைச் சில மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். தற்காலிக மறுப்பு பல நேரம் அதற்குள் விலகிவிடும்.