ரீஃபண்டு வேணுமா, ரிவ்யூவை எடுங்க!

திருப்பூரில் வாங்கிய படுக்கை விரிப்பு ஒன்று முதல் துவைப்பிலேயே சாயம் விட்டதாக வைத்துக்கொள்வோம். விலை 1,299 ரூபாய். கூடவே போட்ட வெள்ளைச் சட்டையும் பாழ். வாங்கியவர் கூகுள் மேப்பில் கடையைத் தேடி ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ‘சுத்த ஏமாற்று வேலை’ என்று எழுதிவிடுகிறார்.

கடைக்காரருக்கு ரத்தம் கொதிக்கும். ‘வெந்நீரில் ஊறவைத்தது உங்கள் தப்பு’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதினால் தொலைந்தது. அதைப் படிக்கப்போவது அந்த ஒருவர் மட்டுமல்ல, நாளை விரிப்பு வாங்கலாமா என்று யோசிக்கும் ஊரும்தான். ‘சாயம் போனதற்கு வருந்துகிறோம். பில்லும் ஒரு புகைப்படமும் கடை எண்ணுக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு மாற்றியோ பணத்தையோ தருகிறோம்.’ இவ்வளவு போதும். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஆர்டர் விவரம் எதையும் பதிலில் கொட்டக் கூடாது. துணியில் குறையில்லை என்று கடைக்காரர் நம்பினால், தண்ணீரில் துவைக்கச் சொல்லும் லேபிளைக் குறிப்பிடலாம். அதுவும் ஒரே வரியில்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். சிலர் பொதுவெளியில் பணிவாகப் பதில் போட்டுவிட்டு, போனில் வேறு குரலில் பேசுவார்கள். “மொதல்ல ரிவ்யூவை டெலிட் பண்ணி ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க மேடம், அடுத்த நிமிஷம் ஜிபே பண்றேன்.”

இது சலுகை போலத் தெரியும். ஆனால் அந்தப் பணம் சலுகையே அல்ல. ஆன்லைனில் வாங்கிய பொருள் குறைபாடுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், திரும்பப் பெறவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன, 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். ரிவ்யூவை நீக்கினால்தான் என்ற நிபந்தனை அதில் இல்லை. நீக்கிய பிறகு பணம் வராவிட்டாலோ, வாங்கியவர் கையில் இருந்த ஒரே பிடியும் போய்விடும்.

எனவே, “வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்க சார்” என்று கேட்பது நல்லது. எழுத்தில் வந்தால் சாட்சி. தளத்தின் வழியாக வாங்கியிருந்தால், ரிட்டர்ன் கெடு முடியுமுன் அங்கேயே கோரிக்கை போட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

மிரட்டல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் கிளியர்கியர் வழக்கு சாட்சி. வராத பொருளைப் பற்றி எழுதிய தம்பதியிடம், விமர்சனத்தை எடுக்காவிட்டால் 3,500 டாலர் அபராதம் என்றது அந்த நிறுவனம். 2014இல் நீதிமன்றம் தம்பதிக்கு 3,06,750 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளரின் வாயை ஒப்பந்தத்தால் அடைப்பதைத் தடுக்கும் சட்டம் 2016இல் அங்கே வந்தது.

விரிப்புக்கு வருவோம். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, வாங்கியவர் தன் ரிவ்யூவைத் திருத்தி, ‘பணம் திரும்பக் கிடைத்தது’ என்று ஒரு வரி சேர்க்கலாம். சாயம் போனது அப்படியே இருக்கட்டும்.