முன்பணம் எப்போது செலவாகிறது?

பெங்களூரில் கடையோ வீடோ வாடகைக்குத் தேடியவர்கள் அனைவரும் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லை அறிவார்கள். ஈஜிபுராவின் தெருக்களில் ‘வாடகைக்கு’ என்னும் அட்டை தொங்கும் கதவைத் தட்டினால், வாடகைக்கு அடுத்தபடியாக நம் காதில் விழுவது அந்தச் சொல்தான். பத்து மாத வாடகையை முன்னரே வாங்கி வைத்துக்கொள்வது இந்நகரின் நெடுநாள் வழக்கம். ஆயினும் இந்த ஒரே சொல்லுக்குள் இரு வேறு வகைப் பணம் ஒளிந்திருக்கிறது. ஒன்று நாளாக நாளாகக் கரைவது. மற்றொன்று கரையாமல் நிற்பது. இவ்விரண்டையும் பிரித்தறியாத சிறு வணிகர் தம் இலாபத்தையே தவறாகக் கணக்கிட நேர்கிறது. அது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஒரு தையற்கடையின் கணக்கு

ஈஜிபுராவில் ஒருவர் அக்டோபர் முதல் தேதி தையற்கடை தொடங்குவதாகக் கொள்வோம். மாத வாடகை 15,000 ரூபாய். அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். ஓராண்டு வாடகையை மொத்தமாகத் தந்தால் மாதத்திற்கு 14,000 ரூபாய் போதும் என்கிறார் கட்டட உரிமையாளர். தையற்காரரும் இசைந்து, 1,68,000 ரூபாயை அன்றே வங்கி வழியாகச் செலுத்திவிடுகிறார். டிசம்பர் முதல் தேதி, கடைக்கும் இயந்திரங்களுக்கும் ஓராண்டுக் காப்பீடாக 12,000 ரூபாய் கட்டுகிறார்.

அக்டோபர் முதல் தேதி மாலையில் அவருடைய பணம் குறைந்திருக்கிறது; ஆனால் அவர் செல்வம் குறையவில்லை. பன்னிரண்டு மாதம் அந்த இடத்தில் தொழில் செய்யும் உரிமை அவர் கையில் இருக்கிறது. ஆகையால் அந்த 1,68,000 ரூபாய் இன்னும் செலவன்று. அது ஒரு சொத்து. பேரேட்டில் ‘முன்கூட்டிச் செலுத்திய வாடகை’ என்ற கணக்கில் அதனைப் பற்று எழுதி, வங்கிக் கணக்கில் வரவு எழுத வேண்டும்.

அக்டோபர் முடியும்போது பன்னிரண்டில் ஒரு பங்கு உரிமை பயன்பட்டுத் தீர்ந்துவிடுகிறது. அன்று வாடகைச் செலவுக் கணக்கில் 14,000 ரூபாய் பற்று. முன்கூட்டிச் செலுத்திய வாடகைக் கணக்கில் அதே தொகை வரவு. பணம் எதுவும் கை மாறவில்லை. ஆயினும் சொத்து 1,54,000 ஆகக் குறைந்து, செலவு 14,000 ஆக உயர்ந்துவிட்டது. மாதந்தோறும் இதே பதிவு தொடர்கிறது. மார்ச் 31 அன்று ஆறு மாதம் கடந்திருக்கும். 84,000 செலவு, 84,000 சொத்து. காப்பீட்டில் நான்கு மாதம் கழிந்திருப்பதால் 4,000 செலவு, 8,000 சொத்து. ஆக, இருப்புநிலைக் குறிப்பில் நடப்புச் சொத்தாக 92,000 ரூபாய் நிற்கும்.

இம்முறை புதியதன்று. பிரான்சின் தென்பகுதியிலுள்ள சலோன் நகரில் இயங்கிய ஃபாரோல்ஃபி என்னும் இத்தாலிய வணிக நிறுவனத்தின் 1299-1300ஆம் ஆண்டுப் பேரேட்டின் ஒரு பகுதி இன்றும் கிடைக்கிறது. அந்நிறுவனம் நான்காண்டு வாடகையாக 16 லிவர் நாணயத்தை முன்னரே செலுத்தியிருந்தது. ஓராண்டு முடிந்ததும் 4 லிவரைச் செலவாக எழுதி, 12 லிவரை வரும் ஆண்டுகளுக்கு உரியதாக நிறுத்தி வைத்தார் கணக்கர். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் ஈஜிபுராவின் தையற்காரர் எழுத வேண்டிய பதிவும் அதுவே.

பணப்பெட்டி சொல்லும் பொய்

இவ்வளவு நுணுக்கம் சிறு கடைக்குத் தேவையா என்று கேட்கலாம். வருமான வரிச் சட்டமும் ரொக்க முறையில் கணக்கு வைக்க இடம் தருகிறதே என்றும் கூறலாம். நாம் இங்கே பேசுவது வரியைப் பற்றியன்று. கடைக்காரர் தம் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதைப் பற்றியே.

துணி, நூல், கூலி, மின்சாரம் ஆகியவை போக, கடையில் மாதம் 40,000 ரூபாய் மிஞ்சுகிறது எனக் கொள்வோம். பணம் வந்ததையும் போனதையும் மட்டும் எழுதினால், முதல் ஆறு மாத வரவு 2,40,000. வாடகைக்கும் காப்பீட்டுக்கும் போனது 1,80,000. மிச்சம் வெறும் 60,000. கடை நலிகிறது என்று அவர் கலங்குவார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாடகையே கொடுக்க வேண்டியதில்லை; மாதம் 40,000 முழுதாகக் கையில் நிற்கும். கடை தழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, அத்தனையையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். அடுத்த அக்டோபரில் 1,68,000 ரூபாய் கேட்கப்படும்போது பெட்டி காலியாக இருக்கும்.

உண்மையில் கடை நலியவும் இல்லை, திடீரென்று தழைக்கவும் இல்லை. வாடகையாக 14,000, காப்பீடாக 1,000 ஆகியவை மாதந்தோறும் கரைகின்றன. இரண்டும் கரையும் மாதங்களில் கடையின் இலாபம் 25,000 ரூபாய்தான். கரையும் 15,000 ரூபாயை மாதந்தோறும் ஒரு தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வந்தால், புதுப்பிக்கும் நாளில் கடன் தேட வேண்டியிராது.

கரையாத பணம்

அந்த 1,50,000 ரூபாய் அட்வான்ஸ் வேறு வகை. அது எந்த மாதத்திற்கும் உரிய வாடகையன்று; கடையைக் காலி செய்யும்போது திரும்ப வேண்டிய வைப்புத்தொகை. அதனைப் பன்னிரண்டால் வகுத்துச் செலவெழுதுவது பிழை. எனினும் முழுத்தொகையும் திரும்பும் என்று எண்ணுவதும் சரியன்று. வண்ணம் பூசுவதற்கென ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வது பெங்களூரில் பரவலான வழக்கம். ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிருந்தால், அந்த ஒரு பங்கு மட்டும் குடியிருக்கும் காலத்தில் செலவாகும். ஆகவே அட்வான்ஸையும் முன்கூட்டிச் செலுத்திய வாடகையையும் ஒரே தலைப்பில் எழுதலாகாது. இரண்டுக்கும் தனித்தனி இரசீது பெறுவது நன்று.

சொத்து என்றாலும் பணமன்று

தையற்காரர் கடன் கேட்டு வங்கிக்கு வரும்போது, அந்த 92,000 ரூபாயை நடப்புச் சொத்தாக ஏற்பார்கள். ஆனால் உடனடியாகக் கடனடைக்கும் வலிமையை அளக்கும் விரைவு விகிதத்தில் அதனைச் சேர்க்க மாட்டார்கள். துணிக்கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியை, மீதமுள்ள ஆறு மாத வாடகை உரிமையைக் கொண்டு அடைக்க முடியாதன்றோ?

அந்த உரிமையும் பயன்படும் வரைதான் சொத்து. ஈஜிபுராவிலிருந்து கேந்திரிய சதன் வரையிலான மேம்பாலப் பணி 2017இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நீண்டதை இப்பகுதியினர் அறிவர். இதுபோன்ற நிலையில் வாடிக்கையாளர் வரத்துக் குறைந்து, ஒருவர் ஆறாம் மாதத்திலேயே கடையைக் காலி செய்தால் என்ன ஆகும்? எஞ்சிய வாடகை திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த 84,000 ரூபாய் வர வேண்டிய கடனாக மாறும். இல்லையெனில் அன்றே முழுவதும் நட்டமாக எழுதப்பட வேண்டும். மாதம் 1,000 ரூபாய் சலுகைக்காக ஓராண்டு வாடகையைத் தருமுன் படிக்க வேண்டிய வரி அதுவே.

கணக்குச் சரியா என்று அறிய ஒரு வழி உண்டு. மார்ச் 31 அன்று ஒவ்வோர் இரசீதையும் எடுத்து, இன்னும் பயன்படாத மாதங்களை எண்ணி, மாதத் தொகையால் பெருக்குங்கள். வரும் விடை பேரேட்டிலுள்ள மீதியோடு பொருந்த வேண்டும். காலம் முடிந்த இரசீதுக்கு மீதி நின்றால், என்றோ கரைந்துபோன பணத்தை இன்னும் சொத்தென்று எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.