37.1-க்குப் பிறகும் இருந்தது ஆறு பந்து

2023 ஆசியக் கோப்பையில் 'பி' பிரிவில் மூன்றே அணிகள்: இலங்கை, வங்கதேசம், ஆப்கானிஸ்தான். முதல் இரண்டு இடத்துக்குத்தான் சூப்பர் ஃபோர் வாய்ப்பு. பல்லேகலையில் இலங்கை வங்கதேசத்தை வென்றது. லாகூரில் வங்கதேசம் ஆப்கானிஸ்தானை வென்றது. செப்டம்பர் 5 அன்று லாகூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஆப்கானிஸ்தான் இலங்கையை வீழ்த்தினால், மூன்று அணிகளுக்கும் தலா 2 புள்ளி. யார் உள்ளே, யார் வெளியே என்பதை நெட் ரன் ரேட்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு பார்க்க எளிதாகத்தான் இருக்கும். தொடர் முழுக்க ஓர் அணி அடித்த ரன்களை, அது ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். அதேபோல, எதிரணிகள் அதற்கெதிராக அடித்த ரன்களை அவர்கள் ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நெட் ரன் ரேட். எத்தனை விக்கெட் போனது என்பது இதில் சேராது. ஆனால் ஓர் அணி ஆல் அவுட் ஆகிவிட்டால், எத்தனை ஓவரில் சுருண்டாலும் முழு 50 ஓவர் ஆடியதாகவே கணக்கு.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையிடம் 42.4 ஓவரில் 164 ரன்னுக்கு ஆல் அவுட். விதிப்படி அது 50 ஓவர். ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 50 ஓவரில் 334. ஆக, 100 ஓவரில் 498 ரன், ஓவருக்கு 4.98. எதிரணிக் கணக்கில், இலங்கை 39 ஓவரில் 165 எடுத்து வென்றது. ஆப்கானிஸ்தான் 245-க்கு ஆல் அவுட், அதாவது 50 ஓவர். மொத்தம் 89 ஓவரில் 410, ஓவருக்கு 4.607. கழித்தால் +0.373.

இங்கே பலர் சறுக்குவார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே ரேட் கண்டுபிடித்துச் சராசரி எடுத்தால் +0.415 வரும். அது தவறு. 39 ஓவரில் முடிந்த இன்னிங்ஸுக்கும் 50 ஓவர் இன்னிங்ஸுக்கும் ஒரே எடை கிடைத்துவிடுவதுதான் காரணம். ரன்களையும் ஓவர்களையும் முதலில் மொத்தமாகக் கூட்டிக்கொண்டு, கடைசியில்தான் வகுக்க வேண்டும்.

வங்கதேசம் +0.373-உடன் பத்திரமாக இருந்தது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இலங்கையும் (+0.951) ஆப்கானிஸ்தானும் (-1.780) மோதின. இலங்கை 50 ஓவரில் 291 எடுத்தது. வெறுமனே வெல்வதற்கு ஆப்கானிஸ்தானுக்கு 292 போதும். ஆனால் எத்தனை ஓவருக்குள்?

இதற்கு இரண்டு அணிகளின் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும். ஆப்கானிஸ்தான் வேகமாக அடித்தால் அதன் ரேட் ஏறும். அதே ரன்கள் இலங்கையின் எதிரணிக் கணக்கில் விழுந்து அதன் ரேட்டை இறக்கும். 292 ரன்னை 37.1 ஓவரில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 37.1 என்பது 37 ஓவரும் ஒரு பந்தும், அதாவது 37.167 ஓவர். கால்குலேட்டரில் 37.1 என்றே தட்டினால் விடை பிசகிவிடும். ஆப்கானிஸ்தான் 87.167 ஓவரில் 537 ரன் அடித்து, 100 ஓவரில் 625 கொடுத்திருக்கும்: -0.089. இலங்கை 89 ஓவரில் 456 அடித்து, 87.167 ஓவரில் அதே 456 கொடுத்திருக்கும்: -0.108. ஆப்கானிஸ்தான் மயிரிழையில் மேலே. அதே 292-க்கு இன்னும் ஒரு பந்து கூடுதலாக எடுத்துக்கொண்டால் இலங்கை மேலே போய்விடும். அதனால்தான் அன்று எல்லாத் திரைகளிலும் 37.1 என்ற எண் ஓடியது.

முகமது நபி 32 பந்தில் 65 அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். 37-வது ஓவரில் ரஷித் கான் மூன்று பவுண்டரி விளாசினார். 37 ஓவர் முடிந்தபோது 8 விக்கெட்டுக்கு 289. ஒரு பந்தில் மூன்று ரன் தேவை. தனஞ்ஜய டி சில்வா வீசிய அந்தப் பந்தைத் தூக்கி அடித்த முஜீப் உர் ரஹ்மான் கேட்ச் கொடுத்து அவுட். வாய்ப்பு போய்விட்டது என்று ஆப்கானியர்கள் நினைத்தார்கள். கடைசி ஆட்டக்காரர் ஃபசல்ஹக் ஃபரூக்கி இரண்டு பந்துகளைத் தடுத்து ஆடினார். மூன்றாவது பந்தில் எல்பிடபிள்யூ. 289-க்கு ஆல் அவுட்; இலங்கைக்கு இரண்டு ரன்னில் வெற்றி.

உண்மையில் வாய்ப்பு போய்விடவில்லை. 37.1 என்பது சரியாக 292 ரன்னில் ஆட்டத்தை முடிப்பதற்கான கெடு மட்டுமே. வெற்றி ரன்னே பவுண்டரியாகவோ சிக்ஸராகவோ வந்தால் மொத்த ரன் 292-ஐத் தாண்டும். ரன் கூடினால் கெடுவும் நீளும். 293 என்றால் 37.2 ஓவர் வரை, 294 என்றால் 37.3 வரை. 295-க்கு 37.5 வரை, 296-க்கு 38 ஓவர் முடியும் வரை. ஸ்கோரை 291-க்குக் கொண்டுவந்து சமன் செய்துவிட்டு ஒரு சிக்ஸர் அடித்தால் 297; அதற்கு 38.1 வரை அவகாசம் இருந்தது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓவரைத் திரும்பப் பாருங்கள். மறுமுனையில் 27 ரன்னுடன் ரஷித் கான் நிற்கிறார். கேட்ச் ஆனால் புதிய ஆட்டக்காரரே அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும் என்பது 2022 அக்டோபர் முதல் உள்ள விதி. அதனால் ஃபரூக்கிதான் ஆடியாக வேண்டும். 37.2-வது பந்தில் அவர் எப்படியாவது ஒரு ரன் ஓடியிருந்தால் ஸ்கோர் 290. அதற்குப் பிறகு 38 ஓவர் முடிய நான்கு பந்துகள். அதில் எந்தப் பந்தில் ரஷித் சிக்ஸர் அடித்திருந்தாலும் 296. ஆப்கானிஸ்தான் சூப்பர் ஃபோரில். 37.1 தவிர வேறு கணக்கு எதுவும் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பயிற்சியாளர் ஜோனதன் டிராட் ஆட்டத்துக்குப் பிறகு கூறினார்.

37.4 ஓவரிலேயே முடிந்த இன்னிங்ஸ், ஆல் அவுட் விதியால் 50 ஓவராகப் பதிவானது. முடிவில் இலங்கை +0.594, வங்கதேசம் +0.373, ஆப்கானிஸ்தான் -0.910. இரண்டு ரன்னில் தோற்ற அணியா இது என்று புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

தோற்கும் அணிக்கும் நெட் ரன் ரேட் வழிவிடுவது உண்டு. 2024 மே 18 அன்று பெங்களூருவில் ஆர்சிபி 218 எடுத்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் வெல்ல வேண்டிய அவசியமே இல்லை. 201 எடுத்தால் போதும், பிளே-ஆஃப் உறுதி. தோற்றாலும் முழு 20 ஓவர் என்பதால் இங்கே ஓவர் மாறப்போவதில்லை. ரன் ஒன்றுதான் கணக்கு. ஆகவே, லாகூரில் இருந்ததுபோல நீளும் கெடு எதுவும் சென்னைக்கு இல்லை, ஒரே எண்தான். கடைசி ஓவரில் 17 தேவைப்பட, தோனி முதல் பந்தை சிக்ஸருக்கு அனுப்பிவிட்டு அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். சென்னை 191-ல் நின்றது. இரு அணிகளுக்கும் 14 புள்ளி, +0.459 பெற்ற பெங்களூரு உள்ளே போனது, +0.392 பெற்ற சென்னை ஊர் திரும்பியது.