ஒரே ஆள், ஆறு பயணம்

டெல்லி மயூர் விஹாரில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு முருகனைப் பார்க்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீலத் தடத்தில் ராஜீவ் சௌக் வரை போகிறார். அங்கே மாறி மஞ்சள் தடத்தில் ஹௌஸ் காஸ். பிறகு மெஜந்தா தடம். திரும்பி வரும்போதும் இதே வழி. வீட்டைவிட்டுப் போனவர் ஒருவர்தான். ஆனால் டெல்லி மெட்ரோவின் அன்றைய கணக்கில் அவர் ஆறு பயணம். ஒருவர் எத்தனை தடங்களில் பயணம் செய்தாரோ, அத்தனையையும் தனித்தனிப் பயணமாகவே மெட்ரோ எண்ணுகிறது.

2024 நவம்பர் 18 அன்று 78.67 லட்சம் பயணங்கள் பதிவாயின. அந்த நாள் வரைக்கும் அதுவே உச்சம். அதைப் படித்தவர்களில் பலர், 78 லட்சம் பேர் மெட்ரோவில் போனதாகவே நினைத்திருப்பார்கள். கணக்கில் பிழை இல்லை. எத்தனை ரயில், எத்தனை பெட்டி ஓட்ட வேண்டும் என்று திட்டமிடுகிறவருக்குப் பயணங்களின் எண்ணிக்கைதான் தேவை. ஆட்களின் எண்ணிக்கையைத் தேடுகிறவர் அதே எண்ணைக் கையில் எடுத்தால்தான் தடுமாற்றம்.

சமூக ஊடகத்தில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். ஒரு பதிவு எத்தனை தடவை திரையில் தோன்றியது என்பது இம்ப்ரெஷன். இன்ஸ்டாகிராம் இப்போது அந்த இடத்தில் வியூஸ் என்ற பெயரில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. எத்தனை தனித்தனிக் கணக்குகளுக்கு அந்தப் பதிவு போய்ச் சேர்ந்தது என்பது ரீச். பெரியவரின் ஆறு பயணங்கள் இம்ப்ரெஷன் என்றால், பெரியவர் ஒருவர் ரீச். ஃபாலோயர் என்பது மெட்ரோ கார்டு வாங்கி வைத்திருப்பவரைப் போல. கார்டு பர்ஸில் இருக்கிறது என்பதற்காக அவர் இன்று ரயில் ஏறினார் என்று சொல்ல முடியாது. கார்டே இல்லாமல் டிக்கெட் வாங்கி வந்தவர்களும் ரயிலில் இருப்பார்கள். அதுபோல ஃபாலோயர் பலரின் திரைக்கு உங்கள் பதிவு போகாமலே இருக்கலாம். உங்களைத் தெரியாத ஆயிரம் பேருக்கு அது போய்ச் சேரவும் செய்யலாம்.

ரீச்சுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதைக் கூட்ட முடியாது. திங்கட்கிழமை 500, செவ்வாய்க்கிழமை 500 என்று காட்டினால் இரண்டு நாளுக்குச் சேர்த்து 1,000 என்று எழுதத்தான் கை போகும். இரண்டு நாளும் பார்த்தவர்கள் அதே 500 பேர் என்றால் இரண்டு நாள் ரீச்சும் 500தான். ஒருவர்கூட மறுபடி பார்க்கவில்லை என்றால்தான் 1,000. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதனால் வாரக் கணக்கு வேண்டுமென்றால் செயலியில் வாரத்தைத் தேர்ந்தெடுத்தே பார்க்க வேண்டும், நாள் கணக்குகளைக் கூட்டக் கூடாது. ரீச் எண்ணுவது மனிதர்களை அல்ல, கணக்குகளை என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இரண்டாகிவிடுவார். ஒரே கைபேசியில் ஒரே கணக்கைப் பார்க்கும் ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாகிவிடும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மயூர் விஹாரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு இன்ஸ்டாகிராமில் 2,400 ஃபாலோயர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கிரைண்டருக்கு ஒரு நாளைக்கு 40 பாக்கெட்டுக்கு மேல் முடியாது. மழை நாளில் இந்தியா கேட்டைப் படமெடுத்து ஒரு வீடியோ போடுகிறார். இம்ப்ரெஷன் 36,000, ரீச் 30,000. வந்த ஆர்டர் மூன்று. சனிக்கிழமை மாலை இன்னொரு பதிவு: "நாளை காலை ஏழு மணி முதல் மாவு கிடைக்கும்." இம்ப்ரெஷன் 2,100, ரீச் 700. வந்த ஆர்டர் இருபத்தொன்று.

முதல் பதிவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் வாங்கினார். இரண்டாவதில் நூற்றுக்கு மூன்று பேர். இம்ப்ரெஷனை ரீச்சால் வகுத்தால் இன்னொன்றும் புரியும். மழை வீடியோவைச் சராசரியாக ஒருவர் 1.2 தடவைதான் பார்த்திருக்கிறார். பார்த்தார், ரசித்தார், போய்விட்டார். மாவுப் பதிவை ஒருவர் மூன்று தடவை பார்த்திருக்கிறார். நேரம் என்ன, விலை என்ன என்று திரும்பி வந்து பார்த்திருக்கலாம். ஆனால் இந்த மூன்றை எப்போதும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது. காசு கொடுத்து விளம்பரம் போடும்போது ரீச் நின்ற இடத்திலேயே நிற்க, இம்ப்ரெஷன் மட்டும் ஏறி, ஆர்டரும் வராவிட்டால், அதே ஆட்களுக்கே அதே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்திக்கொள்வதுதான் சரி.

அந்த அக்கா மழை வீடியோவின் 30,000த்தைத் துரத்திக்கொண்டு வாரம் ஒரு இந்தியா கேட் வீடியோ போட்டால், ஃபாலோயர்கள் ஏறுவார்கள். அவர்களில் பலர் மும்பையிலும் மதுரையிலும் இருப்பார்கள். அவர்களுக்கு மாவு எப்படிப் போய்ச் சேரும்? கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால், பார்க்கிறவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இன்ஸ்டாகிராமே காட்டும். ஆனால் அது டெல்லி, நொய்டா என்று ஊர் பேரோடு நின்றுவிடும். ரோகிணியில் இருப்பவரும் டெல்லிதான், பக்கத்துத் தெருக்காரரும் டெல்லிதான். எந்தக் காலனி என்பதை ஆர்டர் கொடுக்கிறவரிடம் அக்காதான் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கிறவர்கள் வேறு, வாங்க வருகிறவர்கள் வேறு என்பதைப் பெரிய அளவில் டெல்லி கண்ணால் பார்த்திருக்கிறது. 2020 அக்டோபரில், மாளவியா நகரில் வயதான தம்பதி நடத்திவந்த 'பாபா கா டாபா' என்ற சின்னச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிய வீடியோ நாடெங்கும் பரவியது. ஆளில்லாமல் கிடந்த கடைமுன் மறுநாளே கூட்டம் நெருக்கியது, உதவிப் பணமும் வந்தது. அந்த டிசம்பரில் அவர்கள் ஓர் உணவகம் திறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அதை மூட வேண்டியதாயிற்று. மாதச் செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய், விற்பனை நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை என்று பின்னர் செய்திகள் வந்தன. தம்பதி பழைய கடைக்கே திரும்பினார்கள்.

அந்த வீடியோ செய்த நன்மை உண்மையானது. வியாபாரம் இல்லாமல் தவித்த இரண்டு பேருக்கு அது கைகொடுத்தது. நோய்த்தொற்றுக் காலம் எந்த உணவகத்துக்கும் எளிதாக இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் வீடியோவைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். மாளவியா நகருக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரக்கூடியவர்கள் அவர்களில் மிகச் சிலர். அந்தச் சிலரிலும் இரக்கத்தோடு ஒரு தடவை வந்தவர்கள் அதிகம், அடுத்த வாரமும் வந்தவர்கள் குறைவு. வாடகையும் சம்பளமும் மாதாமாதம் கொடுக்க வேண்டியவை. ஒரு நாள் கூட்டத்தை வைத்து அவற்றைத் தாங்க முடியாது.

எனவே அந்த அக்காவிடம் நான் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் மூன்று எண்கள்: மாவுப் பதிவின் வார ரீச், வந்த ஆர்டர், அந்த ஆர்டரில் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியவர்கள் எத்தனை பேர். முதல் எண்ணைச் செயலி தரும். மற்ற இரண்டையும் அவரே எழுத வேண்டும். மூன்றாவது எண் வாரத்துக்கு வாரம் ஏறினால், ஃபாலோயர் 2,400லேயே நின்றாலும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஆர்டர் நாற்பதை நெருங்கும்போது அவர் யோசிக்க வேண்டியது இன்னொரு வீடியோவை அல்ல, இன்னொரு கிரைண்டரை.